டோர்ட்முண்டில் கேவுரு களி: வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் வந்தால் சமையலறையில் செய்ய வேண்டியவை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு என் தங்கை மகன் ஜெர்மனியிலிருந்து போன் செய்தான். அங்கே அப்போது காலை ஏழு மணி. லீவு நாளில் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிற பிள்ளை இல்லை அவன். காட்பாடி வீட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். “பெரிம்மா, அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துடும்” என்று ஆரம்பித்தான். குடியாத்தத்திலிருந்து டோர்ட்முண்டுக்கு எம்.எஸ். படிக்கப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய வாரமும் இரண்டே தடவைதான். வயிறு கல் மாதிரி இருக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றான்.

வேலூரில் 30 வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்த மூன்று வாரத்தில் போனிலேயே அவனுக்குச் சொன்னதை, அவன் செய்து பார்த்ததை, தப்பு செய்து திருத்திக்கொண்டதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் அப்படியே செய்து பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

சமையலுக்குப் போகும் முன், இது சமையலில் தீரக்கூடியதுதானா என்று பார்த்துவிட வேண்டும். அவனிடம் நான் கேட்டது இவ்வளவுதான். வாந்தி இருக்கிறதா? வயிறு உப்பிக்கொண்டு, காற்றுகூடப் பிரியாமல் இருக்கிறதா? மலத்தில் ரத்தம் உண்டா, கருப்பாகப் போகிறதா? காய்ச்சல், தாங்க முடியாத வலி உண்டா? காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் களியும் கிடையாது, கீரையும் கிடையாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். அதிலும் வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் நின்றுபோயிருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவனுக்கு அப்படி எதுவும் இல்லை. அடுத்து மாத்திரைகளைக் கேட்டேன். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில வயிற்றெரிச்சல் மருந்துகள் மலத்தைக் கட்டும். அவன் எதுவும் சாப்பிடவில்லை. “கடைசியா போனப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு, “ஆட்டுப் புழுக்கை மாதிரி” என்றான். மருத்துவத்தில் மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று அதற்குப் பெயர். அதில் முதல் வகையே இவன் சொன்ன புழுக்கைதான். குடலில் ரொம்ப நேரம் தங்கி, தண்ணீர் முழுக்க உறிஞ்சப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, நான்காவது வகைக்கு, அதாவது வாழைப்பழம் போல மென்மையாக வரும் நிலைக்கு, அவனைக் கொண்டுவர வேண்டும்.

மூன்று நாள் சாப்பாட்டை எழுதிப் பார்ப்பது

“முந்தாநாள்லருந்து இன்னா இன்னா துன்னே, ஒண்ணு விடாம சொல்லு” என்றேன். காலையில் ஒன்றும் இல்லை, வெறும் காபி. மதியம் வெள்ளை ரொட்டிக்கு நடுவே சீஸ். ராத்திரி பாஸ்தா, இல்லையென்றால் உறைந்த பீட்சா. ஒருநாள் சோறும் தயிரும். பழம் இல்லை, காய் இல்லை. தண்ணீரா? “குளுருல தாகமே எடுக்கல பெரிம்மா.”

கணக்கு போட்டேன். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவன் சாப்பிட்டதில் பத்து கிராம் தேறினாலே அதிகம். குடியாத்தத்தில் இருந்தவரை இவனுக்கு இந்தத் தொந்தரவு வந்ததில்லை. அதற்காக அங்கே யாரும் தனியாக எதுவும் செய்ததில்லை. வாரத்தில் மூன்று நாள் களி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீரை, காராமணியோ மொச்சையோ போட்ட குழம்பு, வீட்டு வாசலில் கொய்யா மரம் என்று தன்னால் கிடைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். நாலு பேருக்கு ஒரே கழிப்பறை. காலையில் வயிறு முட்டும்போது உள்ளே யாராவது இருப்பார்கள். எட்டு மணி வகுப்புக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அடக்கிக்கொண்டு போய்விடுவான். சாப்பாட்டுக்குச் சமமான காரணம் இது. வந்த உணர்வை அடக்கினால் அது போய்விடும், மறுபடி சீக்கிரம் வராது. உள்ளே தங்கியது மேலும் காய்ந்து இறுகும்.

முதல் இரண்டு நாள்: இளக்குவது மட்டும்

நார்ச்சத்து குறைவு என்று தெரிந்ததும் அன்றைக்கே ஒரு குண்டான் பயறு வேகவைத்துச் சாப்பிடுவது பலர் செய்கிற தப்பு. முன்னால் கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மேலும் தள்ளினால் வலியும் உப்பசமும்தான் மிஞ்சும். முதலில் இளக வேண்டும்.

அதனால் அன்றைக்கு அவனுக்குச் சொன்னது இது. எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பெரிய டம்ளர். உலர் பிளம் பழம் எட்டை ராத்திரியே வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடு. அதில் உள்ள சார்பிட்டால் என்னும் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். நம் ஊரில் உலர் திராட்சையை ஊறப்போட்டுக் கொடுப்போம். அங்கே எந்தக் கடையிலும் பிளம் கிடைக்கும், வேலையும் நன்றாகச் செய்யும். மதியம் மிளகு ரசம் விட்டுக் குழைந்த சோறு. ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி, தண்ணீராக.

விளக்கெண்ணெய் குடிக்கட்டுமா என்று கேட்டான். அவன் பாட்டி வருடத்துக்கு ஒரு தடவை கொடுப்பார். வேண்டாம் என்றேன். அது குடலைச் சுருக்கி இழுத்துத் தள்ளுகிற மருந்து. தனியாக இருக்கிற பிள்ளை அளவு தெரியாமல் குடித்தால் வயிற்றுப்போக்கும் பிடிப்பும் வந்து படுத்துவிடுவான். நிலாவரைப் பொடியும் அப்படித்தான், வாரக்கணக்கில் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால் பக்கத்து மருந்துக் கடைக்குப் போய் மேக்ரோகால் பொடி கேள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். தண்ணீரில் கலந்து குடிப்பது, மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்கும். அங்கே சீட்டு இல்லாமலே தருவார்கள்.

அதற்கு வேலை வரவில்லை. ஞாயிறு ராத்திரி கொஞ்சம், திங்கள் காலை கொஞ்சம் என்று போய்விட்டது. இனிமேல்தான் சமையல்.

கேவுரு களி

களிக்கு மாவு வேண்டும். டோர்ட்முண்டில் இலங்கைத் தமிழர் நிறைய பேர் இருக்கிறார்கள், கடைகளும் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் இவன் “கேழ்வரகு மாவு” என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் யோசித்துவிட்டு, “குரக்கன் மாவையா கேக்கிறீங்க தம்பி?” என்று எடுத்துக் கொடுத்தாராம். அந்தப் பெயர் தெரியாமல் அலமாரியில் அரை மணி நேரம் தேடியிருக்கிறான். நூறு கிராம் கேழ்வரகில் 11 கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை.

அளவு இது. கேழ்வரகு மாவு ஒரு கப், நொய் கால் கப், தண்ணீர் மூன்று கப், உப்பு. நொய் கிடைக்காததால் பச்சரிசியை மிக்சியில் இரண்டு சுற்று ஓட்டிக்கொண்டான். நொய்யை ஊறவைத்துத் தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். வெந்ததும் உப்பு போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். அப்போது கிளறவே கூடாது. கரண்டிக் காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு குழி போட்டு, மூடி, சின்னத் தீயில் பத்து நிமிடம் விட வேண்டும். குழி வழியாக ஆவி மேலே வந்து மாவு வேகும். அதன் பிறகுதான் கிண்ட வேண்டும்.

முதல் தடவை அடிபிடித்துவிட்டது. அங்கே மின்சார அடுப்பு. தீயைக் குறைத்தாலும் தட்டில் சூடு அப்படியே நிற்கும். போனை அடுப்புப் பக்கம் திருப்பி எனக்குக் காட்டினான். அடுப்பிலேயே வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தான், பாத்திரம் கூடவே சுற்றியது. மேலே கட்டி கட்டியாக வெள்ளை மாவு, கீழே புகை. “டேய், பாட்டி எங்க வெச்சு கிண்டும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனுக்கே ஞாபகம் வந்தது. பாட்டி பாத்திரத்தைக் கீழே இறக்கி, ஈரச் சாக்கின் மேல் வைத்து, இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவார். இவன் ஈரத் துண்டை நான்காக மடித்துத் தரையில் போட்டான். தடித்த துணி சுற்றிப் பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். மரக் கரண்டியைத் திருப்பிப் பிடித்துப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தி அழுத்திக் கிண்டினான். கட்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து, நிறம் மாறி, பளபளப்பு வந்தது. பதம் பார்க்க, விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட வேண்டும். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் கொஞ்சம் வெந்நீர் தெளித்து மறுபடி மூடி வைக்க வேண்டும். வேகாத களிதான் வயிற்றைப் பிடிக்கும். “கேவுரு மலத்தைக் கட்டும்” என்று சிலர் சொல்வதற்கு, வேகாத களியும் அதோடு தண்ணீர் குடிக்காததும் காரணமாக இருந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஈரக் கையால் உருட்டினால் இந்த அளவுக்கு நாலு உருண்டை வரும். இரண்டு ராத்திரிக்கு. மீதி இரண்டைத் தண்ணீரில் மூழ்கப் போட்டு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் கையால் கரைத்து, மோர் விட்டு, உப்பும் வெங்காயமும் போட்டால் கூழ். காலையில் பசியில்லை என்று சொன்ன பிள்ளைக்குக் கூழ் இறங்கியது.

கீரை கடைசல்

அவன் முதலில் வாங்கி வந்த உறைந்த கீரைப் பொட்டலத்தைப் பிரித்தால் பாலாடை கலந்த பச்சைக் கூழ். ‘ராம்ஸ்பினாட்’ என்று போட்டிருந்தால் அது கிரீம் சேர்த்தது. ‘பிளாட்ஸ்பினாட்’ என்றால்தான் வெறும் இலை. மறுநாள் அதை வாங்கினான். 300 கிராம் கீரை, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் மூன்று, தக்காளி ஒன்று, சுண்டைக்காய் அளவு புளி. எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, உப்பு போட்டுக் கடைய வேண்டும். மத்து இல்லாததால் உருளைக்கிழங்கு மசிக்கிற கருவியை வைத்துச் சமாளித்தான். மிக்சியில் அடிக்காதே என்றேன். அடித்தால் கீரை வழவழவென்று சட்னியாகிவிடும், களிக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்காது. தாளிக்க, அம்மா கட்டிக் கொடுத்த கறிவடகம் இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் பிரிக்காமலே இருந்தது. எண்ணெயில் போட்டதும் எழுந்த வாசனைக்குப் பக்கத்து அறைப் பையன் வந்து எட்டிப் பார்த்தானாம்.

இதில் பாதியைச் சாப்பிட்டாலே நாலு கிராம் நார்ச்சத்து சேரும். கூடவே வரும் தண்ணீரும் எண்ணெயும் களியை வழுக்கிக்கொண்டு இறங்க வைக்கும். நம் பக்கம் களியை மெல்லுவதில்லை, கீரையிலோ குழம்பிலோ தோய்த்து விழுங்குவோம். அதனால் தொட்டுக்கொள்வது தளர இருக்க வேண்டும்.

காராமணியில் அவசரப்பட்டது

களியும் கீரையும் ஒத்துக்கொண்ட உற்சாகத்தில், புதன்கிழமை அவன் என்னிடம் கேட்காமல் ஒரு கப் காராமணியை வேகவைத்துக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தான். நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு அங்கே எங்கே போவது, பெரிய கருநீலக் கத்தரிக்காயை வெட்டிப் போட்டிருக்கிறான். குழம்பு நன்றாக வந்திருக்கிறது, முக்கால்வாசியை ஒரே வேளையில் தீர்த்துவிட்டான். அன்று ராத்திரி முழுக்க வயிறு பொருமி, தூக்கமில்லை. “பெரிம்மா, பழையபடி ஆயிடுச்சா?” என்று பயந்து கேட்டான்.

ஆகவில்லை. மறுநாள் காலை அவனுக்கு மலம் இளக்கமாகவே போனது. இது வெறும் காற்று. பயறில் உள்ள சில மாவுச்சத்துகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகும். பழகிய வயிறு தாங்கும். இரண்டு மாதம் ரொட்டியில் இருந்த வயிறு உடனே தாங்காது. எது காற்று, எது சிக்கல் என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். உப்பினாலும் காற்று தாராளமாகப் பிரிகிறது, மலமும் இளக்கமாகப் போகிறது என்றால் அளவைக் குறைத்தால் போதும். உப்பிக்கொண்டு மலமும் நின்றுவிட்டால், நார்ச்சத்தை நிறுத்திவிட்டு இளக்கும் முறைக்குத் திரும்ப வேண்டும்.

அளவை மாற்றினோம். முதல் வாரம் வெந்த காராமணி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாவது வாரம் கால் கப். மூன்றாவது வாரம் அரை கப். காராமணியை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் காற்று குறையும். குழம்பில் பெருங்காயம் போடாமல் விடாதே என்றும் சொன்னேன். துருக்கிக் கடைகளில் காராமணி மலிவாகக் கிடைத்தது.

தண்ணீரும் நேரமும்

நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் மலத்தை மெத்தென்று ஆக்குகிறது. தண்ணீர் இல்லாமல் களியை மட்டும் கூட்டினால் நிலைமை மோசமாகும். தாகம் எடுக்காத குளிரில் தாகத்தை நம்பக் கூடாது. ஒன்றரை லிட்டர் பாட்டிலை மேசை மேல் வைத்து, படுக்கும் முன் காலி செய்யச் சொன்னேன். ரசம், மோர் எல்லாம் அதற்கு மேல். குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம். உடம்புக்கு மிஞ்சியது சிறுநீராகத்தான் போகும்.

நேரத்துக்கு ஒரு வழி செய்தோம். சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், காலையில் அந்த அசைவு நன்றாக இருக்கும். ஆகவே ஆறரைக்குக் கூழ், ஏழு மணிக்குள் கழிப்பறை, மற்றவர்கள் எழும் முன். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதே, முக்காதே, போனை உள்ளே எடுத்துப் போகாதே என்றேன். அங்கே மேற்கத்தியக் கழிப்பறைதான். அதனால் ஒரு ஷூ பெட்டிக்குள் பழைய புத்தகங்களை அடைத்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டான். முழங்கால் இடுப்பைவிட மேலே வந்து, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால், ஆசனவாயை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளரும். குந்தி உட்காரும்போது நடப்பதும் அதுதான்.

மூன்றாவது வாரத்தில் அவன் தட்டு

காலையில் கூழ். மதியம் கல்லூரி உணவகத்தில் கிடைப்பது எதுவோ அது, கூட ஒரு பேரிக்காய் தோலோடு. சாயந்திரம் பச்சைக் கிவிப் பழம் இரண்டு, கொய்யாவுக்குப் பதிலாக. ராத்திரி இரண்டு உருண்டை களியோடு கீரை, அல்லது சோறும் காராமணிக் குழம்பும். கூட்டிப் பார்த்தால் 25 கிராமை ஒட்டி வந்தது. பாஸ்தாவை நான் நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறான், அதில் ஒரு கைப்பிடி கீரையைப் போட்டுக்கொள்கிறான். ஒன்பதாம் நாளிலிருந்து தினமும் காலையில் போக ஆரம்பித்தான். சில நாள் தவறும். தினமும் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறையாமல், சிரமமில்லாமல் போனால் போதும்.

இப்படி மூன்று நாலு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாறவில்லை என்றால் அதற்கு மேல் களியைக் கூட்டிப் பயனில்லை. தைராய்டு குறைவு போன்ற காரணங்கள் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் பரீட்சை வந்தபோது ஒரு வாரம் மறுபடி ரொட்டிக்குப் போய், மூன்றாம் நாளே வயிறு இறுகிவிட்டது. இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. ராத்திரி பிளம் ஊறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு நாளுக்கான கீரையைக் கடைந்து டப்பாவில் உறைய வைத்து, தானே சரிசெய்துகொண்டு பிறகுதான் சொன்னான். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினான்: நொய் ஒரு கிலோ, கறிவடகம், மர மத்து ஒன்று. மத்தை நேற்று குடியாத்தம் சந்தையில் வாங்கிவிட்டேன். காம்பு பெட்டிக்குள் அடங்கவில்லை, தச்சரிடம் கொடுத்து நாலு விரற்கடை குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.